சாக்கடைக்குப் போன மழை

சந்தாபுராவில் அந்த அடுக்ககத்தின் மார்ச் மாதக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. செயலாளர் ஹரிஷ்குமார் சொன்னது ஒரே ஓர் எண்: நானூற்றுப் பத்து அடி. போர்வெல்லில் தண்ணீர் அந்த ஆழத்துக்குப் போய்விட்டது. மோட்டார் தொங்குவது நானூற்றைம்பதில். ஆகவே ஆயிரத்திருநூறு அடிக்குப் புதிய போர் போட வேண்டும். ரிக் வண்டி நிற்க இடம் வேண்டுமே, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் பின்பக்கத்து உறைகிணறுகள் இரண்டையும் மண் போட்டு மூடிவிட்டால் ஆயிற்று. பிறகு அங்கே இரண்டு கார் நிற்கலாம்.

"அங்கிள் நல்ல மனசோடதான் வெட்டினாரு. ரீசார்ஜ் ரீசார்ஜ்னு ஆறு வருஷம் நம்பினோம். தண்ணி கீழதான் போச்சு" என்றான்.

அங்கிள் என்றது கோவிந்தராஜனை. அவர் இறந்து ஆறு மாதம். அவர் மனைவி சொர்ணம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தபோது இதே வாய்தான் அவரை இந்தக் கட்டடத்தின் தூண் என்றது. எதிர்த்துப் பேச முடியாதவர் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு வசதி!

அவள் எழுந்து, எப்போது அளந்தீர்கள் என்று கேட்டாள். நேற்று காலை எட்டு மணிக்கு என்றான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா என்றாள். டேங்க் நிறைய வேண்டாமா ஆன்ட்டி, ஓடாமல் எப்படி என்று சிரித்தான். அவனோடு நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"உறிஞ்சிக்கிட்டிருக்கும்போது அளந்தா அது தண்ணி மட்டமா? ஓடி வந்தவனுக்கு நாடி பாத்து நோயாளின்னு சொல்ற மாதிரி இருக்கு. பத்து மணி நேரம் மோட்டாரை நிறுத்துங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நான் அளந்து காட்டறேன். அதுவரைக்கும் கிணத்துல ஒரு கூடை மண்ணு விழக்கூடாது."

கோவிந்தராஜன் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போர்க்குழாயின் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை இறக்கி வைத்து, அதற்குள் விட ஒரு நீள வயரும் செய்திருந்தார். பத்தடிக்கு ஒரு சிவப்பு டேப். நுனி தண்ணீரைத் தொட்டால் மேலே பஸ்ஸர் கத்தும். மாதத்தில் முதல் ஞாயிறு அவர் இறக்குவார், அவள் நோட்டில் எழுதுவாள். அவர் போன பிறகும் நவம்பரிலிருந்து அவளே இறக்கி எழுதினாள். மட்டம் வழக்கத்தைவிடக் கீழே நின்றது. அக்கம்பக்கத்தில் போர் பெருகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை பிளம்பர் முனிகிருஷ்ணன் கூட இருந்தான். அத்திபெலேக்காரன், பாதி கன்னடம் பாதி தமிழ். ஹரிஷ்குமார் பல் துலக்காத முகத்தோடு நின்றான். வயர் இறங்கியது. இருநூறு தாண்டியது, முந்நூறு தாண்டியது. முந்நூற்றுப் பத்தில் பஸ்ஸர் கத்தியது. நானூற்றுப் பத்து அல்ல.

"சரி ஆன்ட்டி, நூறடி நமக்கு லாபம். ஆனா போன மார்ச்ல எவ்வளவு?"

நோட்டைப் புரட்டாமலே அவளுக்குத் தெரியும். இருநூற்று நாற்பது. அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, எழுபதடி இறங்கித்தான் இருக்கிறது. அதை அவனிடமும் சொன்னாள். பிறகு நோட்டைத் திறந்தாள்.

கோவிந்தராஜன் சொல்லுவார்: நம் காலடியில் ஏரி எதுவும் இல்லை, பாறைதான். மேலே மக்கிய மண்ணும் உடைகல்லும். மழை அதில் ஊறி, கீழே பாறை வெடிப்புகளுக்கு மெல்ல இறங்கும். போர் குடிப்பது அந்த வெடிப்பிலிருந்து. ஜனவரி பிறந்தால் ஊற்ற ஆளில்லை, மொள்ள ஊரே இருக்கிறது. கோடையில் இறங்கத்தான் செய்யும், அதற்கு அழாதே, மழைக்குப் பிறகு எங்கே வந்து நிற்கிறது, அதைப் பார்.

முந்தின ஆண்டு நவம்பரில் நூற்று அறுபது, மார்ச்சில் இருநூற்று நாற்பது. இந்த முறை நவம்பரிலேயே இருநூற்று முப்பது, மார்ச்சில் முந்நூற்றுப் பத்து. நவம்பர் முதல் மார்ச் வரை இறங்கியது இரண்டு ஆண்டிலும் அதே எண்பதடி. குறைந்தது மழைக்காலத்து ஏற்றம். ஆனால் மழை குறையவில்லையே. அக்டோபரில் இந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. அது எங்கே போயிற்று?

அவள் நேராகப் பின்பக்கம் போனாள். கிணற்று மூடிமேல் பூந்தொட்டிகள். பக்கத்தில் ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி. மொட்டை மாடியிலிருந்து வரும் குழாய் அந்தத் தொட்டிக்குள் திரும்ப வேண்டும். அது தொட்டிக்கு முன்னாலேயே ஒரு முழங்கை இணைப்பில் வளைந்து, பூந்தொட்டிகளின் மறைவில் சுவரோரமாக ஓடி, வெளியே சாக்கடையில் முடிந்திருந்தது. தொட்டி மணலில் ஓர் ஈரக் கறைகூட இல்லை.

முனிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். "நான்தாம்மா மாத்தினது. ஜூன்ல. கொசு வருதுன்னு கம்ப்ளைன்ட் பந்துச்சு, செக்ரட்டரி சார் மாத்துன்னு ஹேளிதாரு. ஐயா ஆஸ்பத்திரியில இருந்தாரு, அவருக்கு ஏன் தொந்தரவுன்னு..."

ஜூன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு இடையே அவர் கேட்டது இரண்டே கேள்விகள். மழை பெய்யுதா சொர்ணம்? கிணத்துக்குப் போகுதா? செப்டம்பர் வரை ஒவ்வொரு மழைக்கும் கேட்டார். போகுதுங்க, நல்லா போகுது என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். சாகப்போகும் மனிதரிடம் அவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள், அது பொய் என்றுகூட அவளுக்குத் தெரிவிக்காமல்.

"கொசுவுக்கு மூடியில வலை கட்டினா தீந்துச்சு. அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். குரல் உயரவில்லை. "நாலு மாசம் மழையைச் சாக்கடையில விட்டுட்டு, கிணறு வேலை செய்யலன்னு செத்தவர்மேல பழி போட்டியேப்பா. உனக்குக் கூசலையா?"

ஹரிஷ்குமார் மதிலுக்கு அப்பால் கை காட்டினான். பக்கத்து லேஅவுட்டில் புதிதாக மூன்று போர் போட்டிருக்கிறார்களே, அதுவும் காரணம்தானே என்றான். ஆமாம், அதுவும்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அந்த மூன்றும் உறிஞ்சுவது இதே வெடிப்பில்தான். நாமும் நாலாவது போட்டால் ஒரு டம்ளருக்கு இன்னொரு ஸ்ட்ரா, அவ்வளவுதான். ஆயிரத்திருநூறு அடியில் தண்ணீர் காத்துக்கொண்டிருக்கிறது என்று எந்தப் பாறை எழுதிக் கொடுத்தது?

அன்று மாலையே மறுபடி கூட்டம். நோட்டு கை மாறி மாறிப் போயிற்று. ரிக் வண்டி வேண்டாம் என்று முடிவானது. மோட்டார் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும். குறைகிற தண்ணீரை மழை வரும்வரை லாரியில் வாங்கிக்கொள்வது. உற்சாகம் வந்துவிட்ட ஹரிஷ்குமார், கார் கழுவுகிற தளத்துத் தண்ணீரையும் சேர்த்து ஒரு குழாயில் நேரே போருக்குள்ளேயே விட்டால் சீக்கிரம் ஏறுமே என்றான். எண்ணெயையும் சோப்பையும் குடிக்கிற தண்ணீரில் கொட்டப் போகிறாயா என்று சொர்ணம் கேட்டாள். கூரைத் தண்ணீர் மட்டும், முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டி, உறைகிணற்றில். அங்கிருந்து மண் பார்த்துக்கொள்ளும். வடிகட்டி மணலை ஆண்டுக்கு ஒரு முறை அலச வேண்டும்.

கூட்டம் கலைந்தபோது அவன் அவளிடம் வந்தான். கிணற்றுப் பக்கத்தில் அங்கிள் பேரில் ஒரு கிரானைட் பலகை வைக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், திறப்புக்கு ஆன்ட்டியே வரவேண்டும் என்றான். சமாதானமாகப் போய்விடலாம் என்கிற முகம்.

"பலகை வேணாம். ஏப்ரல்ல முத மழை வரும். அதுக்குள்ள குழாயைத் திருப்பு" என்றாள். "முனிகிருஷ்ணன் கையில ரம்பம் இருக்கு. இப்பவே வா, நான் பாக்கணும்."

அவன் தயங்கி வாட்சைப் பார்த்தான். அவள் நகரவில்லை. கடைசியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து, முனிகிருஷ்ணன் அறுக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டான்.