எங்கள் கடையை பிளாக் பண்ணிய நாற்பத்தோரு பேர்

சாத்தூர் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். கடை போனில் ஆஃபர் அனுப்புகிற வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

என் வழி இதுதான். பில் போடும்போது, "அக்கா, புதுச் சரக்கு வந்தா வாட்ஸ்அப்புல சொல்லவா?" என்று கேட்பேன். சரி என்றால்தான் நோட்டில் பெயரும் நம்பரும் ஏறும். அங்கேயே அவர்கள் போனில் கடை நம்பரைப் பதிந்துகொள்ளச் சொல்வேன். பதியாதவர்களுக்கு பிராட்காஸ்ட் போய்ச் சேராது. ஒரு லிஸ்டில் இருநூற்று ஐம்பத்தாறு பேர் வரை சேர்க்கலாம். குரூப் மாதிரி இல்லை. ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது, பதில் போட்டால் எனக்கு மட்டும் வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு மெசேஜ், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. சம்பளம் வாங்கி வீட்டுக்கு வந்து கால் நீட்டுகிற நேரம் அது.

என் நோட்டில் நூற்றுத் தொண்ணூறு பேர். அதில் நாற்பத்தோரு பேர் என் அம்மா மாடத்தி வேலை பார்க்கிற பட்டாசு கம்பெனிக்காரர்கள். அம்மாதான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், "எம் மகதான். தொந்தரவு பண்ண மாட்டா, நம்பிக் குடுங்க" என்றாள். அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கொடுத்தவர்கள்தான் பாதிப் பேர்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போகணும் என்று இரண்டு நாள் லீவு கேட்டேன். முதலாளி ஜெயச்சந்திரன் அண்ணாச்சி தாராளமாகக் கொடுத்தார். போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த அன்று அண்ணாச்சி முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஆடித் தள்ளுபடி முடியப்போகுதுன்னு அம்புட்டு மெசேஜ் போட்டேன் பிள்ள. ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. பாதிக்கு ஒத்த டிக்கோட நிக்குது. நெட்டு சரியில்லையோ?"

போனை வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து நாலரைக்குள் ஒன்பது மெசேஜ், சனிக்கிழமை காலையில் இன்னும் ஒன்று. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் பூங்கொத்து எமோஜி. போதாததற்கு, மிக்ஸி பரிசுக்கு என்று வைத்த கூப்பன் பெட்டியைக் கவிழ்த்து அறுபது நம்பரை லிஸ்டில் சேர்த்திருக்கிறார். அந்த அறுபதுக்கும் போகவே இல்லை. அவர்கள் யாரும் எங்கள் நம்பரைப் பதிந்திருக்கவில்லை.

"நல்லவேளை போகலை அண்ணாச்சி. மிக்ஸிக்குத்தான் நம்பர் குடுத்தாக, மெசேஜுக்கு இல்லை" என்று சொல்லி அறுபதையும் எடுத்தேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை மெசேஜில் மீதி ஒத்தை டிக்குகள் யாருடையவை என்று பார்த்தேன். அத்தனையும் அம்மா கம்பெனிக்காரர்கள். மறுநாளாகியும் இரண்டாவது டிக் விழவில்லை, முகப்புப் படங்களும் காணவில்லை. நாற்பத்தோரு பேரும் ஒரேயடியாக எங்களை பிளாக் பண்ணியிருந்தார்கள். நாற்பத்தோராவது என் அம்மா.

பட்டாசு கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் வாட்ச்மேன் நாகையா தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போகணும், அவர் தன் அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் வைப்பார். இது அண்ணாச்சிக்குத் தெரியாதது இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். மிச்சத்தை வீட்டில் அம்மா சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் நாப்பது போனும் ஒண்ணா கத்துச்சாம். நாகையா பயந்து வெளிய ஓடி வந்துட்டாரு. போர்மேன் வந்து, இன்னொரு தடவை இப்படிச் சத்தம் கேட்டா கேட்டுல கூட போன் வைக்கக்கூடாது, வீட்டுலயே விட்டுட்டு வாங்கன்னுட்டாரு. பள்ளிக்கூடத்துல பிள்ளைக்குக் காய்ச்சல்னா எப்படித் தெரியும்? வேலை விட்டு வந்ததும் எல்லாரும் அங்கனயே நின்னு உன் கடையை அடைச்சோம்."

"நான் கோயிலுக்குப் போயிருந்தேன்மா."

"அது எனக்குத் தெரியும். அவுகளுக்கு? நான் சொல்லித்தான நம்பர் குடுத்தாக." சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அம்மா போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

"புது சிம் ஒண்ணு வாங்கி, அதுலேருந்து போடுவமா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "கதவை அடைச்சவுக வீட்டுல ஜன்னல் வழியா குதிக்கச் சொல்லுதீகளா? நாலு பேர் ரிப்போர்ட் அடிச்சா வாட்ஸ்அப்காரனே நம்ம நம்பரை முடக்கிருவான். நேருல போயி மன்னிப்புக் கேக்கணும். வேற வழியில்ல."

முதலாளியிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்கே அப்புறம் தோன்றியது. அவர் ஒரு மணி நேரம் என்னைப் பார்க்காமல் துணி அளந்தார். நாலு மணிக்கு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, போவோம்" என்றார்.

ஐந்து மணிக்கு கேட் திறந்தது. கையெல்லாம் பட்டாசு மருந்தின் சாம்பல் நிறம், கழுவியும் போகாத நிறம். போனை வாங்கிக்கொண்டு வேனுக்கு நடந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் நின்றார்கள். நாகையா தாத்தா பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, "நீங்கதானா அது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பேசிவிட்டார். "தப்பு என் பேருலதான். இந்தப் பிள்ளை கோயிலுக்குப் போன நேரத்துல நான் போனை வச்சுக்கிட்டு ஆடிட்டேன். உங்க போனுக்கு வில்லங்கம் வரும்னு யோசிக்கலை." அவர் கடைக்கு வெளியே யாரிடமும் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

பிறகு நான் சொன்னேன். "பழையபடி ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல, நீங்க வீட்டுல இருக்கையிலதான். வேணும்கிறவுக மட்டும் பிளாக்கை எடுங்க. அப்புறம் பிடிக்கலைன்னா 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை போடுங்க, அன்னைக்கே எடுத்துருதேன்."

சினேகா அக்கா முதலில் போனை நீட்டினாள், எப்படி எடுப்பது என்று தெரியவில்லை என்று. அப்புறம் ஒவ்வொருவராக. இருபத்தெட்டுப் பேர் எடுத்தார்கள். பன்னிரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். கடைசியாக அம்மா வந்தாள்.

"எனக்கும் வேண்டாம். பேரை அடி."

அண்ணாச்சி என் காதருகில் குனிந்தார். "உங்கம்மாதான பிள்ள, இருந்துட்டுப் போகட்டும்."

"வேண்டாம்னுட்டாகள்ல" என்று சொல்லி, மாடத்தி என்ற பெயரின்மேல் கோடு போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. எனக்குத்தான் வலித்தது.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். நைட்டி இரண்டு எடுத்தால் துண்டு ஒன்று, புதன் வரைக்கும். பதினொரு பேர் பதில் போட்டார்கள், ஏழு பேர் கடைக்கு வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை அண்ணாச்சி போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஒன்றும் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. சாயங்காலம் எல்லாருக்கும் டீ சொன்னார்.

அதற்கடுத்த சனிக்கிழமை, சுங்கடிச் சேலைப் படத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே போனோடு நின்றாள்.

"சினேகாவுக்கு வந்திருக்கு. எனக்கு வரலை."

"நீதானம்மா அடிக்கச் சொன்ன."

"இப்ப நாந்தான கேக்கேன். எழுது." பிளாக்கை அவளே எடுத்திருந்தாள்.

நோட்டைப் பிரித்துப் புது வரியில் எழுதினேன். அம்மா நம்பரைச் சரிபார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"வேண்டாம்னவுக பன்னெண்டு பேருல அஞ்சு பேரு, நாளைக்குக் கடைக்கு வாராக. எம் மகளை நம்பிக் குடுங்கன்னு திரும்பவும் சொல்லியிருக்கேன்."