மைனஸ் பக்கம்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த விரிவுரையாளர் அந்த விடையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு சிக்னலின் ஆற்றலைக் கேட்ட கேள்வி அது. நேரத்தை வைத்து இன்டெக்ரேட் பண்ணினால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிள்ளை புத்திசாலித்தனமாக அதிர்வெண் பக்கம் போயிருந்தது. எந்தப் பக்கம் கணக்கிட்டாலும் ஆற்றல் மாறாதல்லவா? அங்கே சிக்னல் வெறும் செவ்வகம்: உயரம் ஒன்று, அகலம் மைனஸ் மூன்றிலிருந்து பிளஸ் மூன்று ஹெர்ட்ஸ் வரை. உயரத்தின் வர்க்கத்தை அகலத்தால் பெருக்கினால் ஆறு.

விடைக்குறிப்பிலோ மூன்று. மைனஸ் பாதியை விட்டுவிட்டிருந்தார்கள்.

தலைமைத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "சார், ஆன்சர் கீயே தப்பு."

"தெரியும்மா. அதை எழுதினதே நான்தான். ஆயிரம் பேப்பர் திருத்தியாச்சு, இப்போ கிளறினா என் தலைதான் உருளும். மூணு இல்லேன்னா முட்டை போடு."

திரும்பி வந்து முட்டை போட்டாள். அப்போதுதான் அந்த விடையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 'மைனஸ் பக்கத்தைப் பட்டினி போடாதே.'

வருஷம் பூராவும் வகுப்பில் தொண்டை கிழிய அவள் கத்துகிற வாக்கியம்.

அடுத்த தாளில் மூன்று என்று இருந்தது. பத்துக்குப் பத்து போட்டாள்.