பாரிசுக்கு ஒரு நகல்

ஞானராஜ் பாரிஸ் முதலாளிக்கே தப்பைச் சுட்டிக் காட்டிவிட்டார் என்ற சேதி, ஓசூரில் மாதா கோவில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யார்? அவர் மனைவி லூர்தம்மாள்தான்.

பிரெஞ்சு கம்பெனியில் ஞானராஜ் சேர்ந்து ஐந்து மாதம். மேலதிகாரி ரெனார் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். ரெனார் பெங்களூர் ஆபீசில் இருப்பார். ஓசூர் தொழிற்சாலையின் ஏசி அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் கம்ப்யூட்டரில் தட்டினால், போன் லைன் வழியாக மெயில் அவருக்குப் போகும்.

ஞானராஜின் முதல் மெயிலில் மூன்று பத்தியும் வணக்கமும் நன்றியும்தான். “உங்களுக்கு என்ன வேண்டும்? அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்” என்று பதில் வந்தது.

ஆகவே, ரெனார் அனுப்பிய ஓர் இயந்திர பாகத்தின் வரைபடம் பற்றிய இரண்டாவது மெயிலில் முதல் வரியே, “உங்கள் வரைபடத்தில் துளையின் அளவு தவறு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுசன் அரூர் கூட்டுறவு சொசைட்டி ஆபீசில் பத்து வருசம் மனு எழுதிப் பழகியவர். மனு என்றால் கடைசியில் அதைப் பெறுபவருக்கும் மேலே இருப்பவருக்கு நகல் போட வேண்டாமா? பாரிஸ் டைரக்டர் பெயரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ரெனார் காரில் வந்து இறங்கினார். ஞானராஜைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

“அளவு தவறுதான். கண்டுபிடித்ததற்கு நன்றி. என்னிடம் எதையும் நேராகச் சொல்லலாம், சண்டைகூடப் போடலாம். ஆனால் நான் படிப்பதற்குள் பாரிசிலிருந்து போன் வருகிறது. என்மேல் புகார் கொடுத்தீர்களா?”

“இல்லை சார்... அது வழக்கம்...”

“யாருடைய வழக்கம்?”

ஞானராஜுக்குக் காது மடல் சுட்டது. மனுவின் கதையை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஏசி அறைக்குப் போனார். ‘தங்கள் பாதம் பணிந்து’ என்கிற மாதிரி ஆரம்பித்து, அழித்தார். “நேற்று நகல் அனுப்பியது என் தவறு. இனி முதலில் உங்களிடம்தான் சொல்வேன்.” இரண்டே வரி. அனுப்பும் முன் பெயர்ப் பட்டியலை மூன்று தடவை பார்த்தார். ரெனார் மட்டும்தான் இருந்தார்.

சாயங்காலம் பதில் வந்தது: “சரி. அடுத்த வரைபடத்தையும் நீங்களே பாருங்கள்.”

அந்த நல்ல வார்த்தை இன்னும் அதிகமாகக் குத்தியது. தலை குனிந்தே வீடு வந்தால், வாசலில் எதிர்வீட்டு ரோசம்மாள்.

“வெள்ளக்காரனையே கேட்டுப்புட்டீங்களாமே! லூர்து சொன்னா. பாரிசே ஆடிப்போச்சாமா?”

லூர்தம்மாள் முகமெல்லாம் பூரிப்பு. ஞானராஜ் அவளைப் பார்க்காமல் சொன்னார்:

“ஆடுனது நாந்தானுங்க. நேரா மேல எழுதி, நம்ம ஆபீசரை அவமானப்படுத்திப்புட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதியாச்சு.”

லூர்தம்மாள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். ரோசம்மாள் விடுவாளா?

“அடடா! அப்ப மன்னிப்புக்கும் பாரிசுக்கு நகல் போட்டீங்களா?”

“இல்லீங்க” என்றார் ஞானராஜ், செருப்பைக் கழற்றியபடி. “அது அவருக்கு மட்டும்தானுங்க.”