மூன்று வரிக்கும் சேர்த்து

பால் வாசனைதான் கெசியாவை நிறுத்தியது. காலையில் ஸ்கேன் சென்டருக்குள் கைப்பையோடு நுழைந்தவள், குழாயடியில் ஒரு மனிதர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி டிபன் பாக்ஸ் கழுவுவதைப் பார்த்தாள். இட்லித் துணுக்குகள் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பால் புட்டி.

"யாருக்குங்க இட்லி?" என்று தெலுங்கில் கேட்டாள். வேலூரில் இந்த சென்டரில் வேலை என்றாலும் அவள் ஆந்திர எல்லையோரத்துப் பேரணாம்பட்டுக்காரி. அங்கே தெலுங்கு தெரியாமல் கடைக்குக்கூடப் போக முடியாது. எழுதவும் படிக்கவும் அவளுடைய அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"எம் பொண்ணுக்கு, அக்கா. பேரு லாஸ்யா. உள்ள படுக்க வெச்சிருக்காங்க, மயக்க மருந்து போட்டு மூளை ஸ்கேன் எடுக்க" என்றார் அவர். ஆந்திராவில் பலமநேருக்கு அந்தப்பக்கம் ஏதோ ஊர், அவர் பெயர் முனெப்பா. "வேணாம் வேணாம்னுச்சு. போர்டுல போட்டிருக்குன்னு நான்தான் ஊட்டிவுட்டேன்."

வயிற்றில் சோறு இருக்கிற குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால், உள்ளே போனது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். குழந்தை முழிக்காமலே போகலாம். கெசியா கைப்பையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

உள்ளே மயக்க மருந்து டாக்டர் நித்யஸ்ரீ ஊசியைக் கையில் எடுத்திருந்தார்.

"மேடம், போடாதீங்க! கொழந்த இப்பதான் சாப்ட்டிருக்கு!"

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நர்ஸ் பொன்மலரைப் பார்த்த பார்வையில் பொன்மலர் அரை உயிராகிவிட்டாள். "கேட்டேனே மேடம். போர்டுல போட்ட மாதிரி செஞ்சிங்களான்னு கேட்டேன். அப்படியே செஞ்சோம்னு சொன்னாரே!"

"சாப்ட்டாளான்னு கேக்கணும். நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர்.

போர்டு. எந்தப் போர்டு? கெசியா நேற்று லீவு. ஆம்பூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாள். வரவேற்பறைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், தமிழ்ப் பலகைக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு தெலுங்கு ஃப்ளெக்ஸ் தொங்கியது.

அதற்குள் மேனேஜர் சம்பத் முனெப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கொழந்தையக் கொல்லப் பாத்தியே! எழுதிப் போட்டிருக்குல்ல? படிக்கத் தெரியாதா? ஆறு மணி நேரம் ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் சேத்துதானே போட்டிருக்கு?" முனெப்பாவுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. 'கொல்லப் பாத்தியே' மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. அந்த மனிதர் பொட்டிலறைந்த மாதிரி நின்றார். கை மட்டும் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டியது. நேற்று முன்பதிவுக்கு வந்தபோது ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து வைத்திருந்தார். ராத்திரி பெண்டாட்டிக்கு வரிவரியாகப் படித்தும் காட்டியிருக்கிறார்.

கெசியா அந்தப் படத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ரத்தம் கொதித்தது.

தமிழ்ப் பலகையை அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மேலிருந்து கீழாக நான்கு பத்தி: பரிசோதனை, நாளும் நேரமும், வருவதற்கு முன், முடிந்த பின். குறுக்காக மூன்று வரி: வயிற்று ஸ்கேன், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து எடுப்பது, சாய மருந்து ஏற்றி எடுப்பது. 'வருவதற்கு முன்' பத்தியில் மட்டும் குறுக்குக் கோடு கிடையாது. மூன்று வரிக்கும் சேர்த்து ஒரே பெரிய கட்டம். அதன் உச்சியில், 'ஆறு மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது' என்று ஒரே ஒரு முறை எழுதியிருக்கும்.

தெலுங்கில் வேண்டும் என்று திங்கட்கிழமை சம்பத் கேட்டபோதே அவள் சொன்னாள்: "சார், கட்டம் பாத்துப் போடணும். நானே வரைஞ்சி எடுத்துட்டு வர்றேன், ரெண்டு நாள் குடுங்க."

"வார்த்தைய மாத்துறதுக்கு இன்னாம்மா ரெண்டு நாளு?"

அந்த மகராசன் அவள் லீவு எடுத்த அன்றே பலகையைப் போனில் படம் எடுத்து, ஆப்பில் போட்டு, வந்த வரிகளை ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டார். ஆப் வார்த்தைகளைத் தந்தது, கட்டத்தைத் தரவில்லை. பெரிய கட்டத்திலிருந்த வாக்கியம் முதல் வரியோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த இரண்டு வரியிலும் ஒரு கட்டத்துக்கான வாசகம் குறைந்தது. தெலுங்கு தெரியாத கடைக்காரர் இடமிருந்து வலமாகக் கட்டத்தை நிரப்பிக்கொண்டே போனார். நான்காவதில் இருக்க வேண்டியது மூன்றாவதில் உட்கார்ந்தது. காலியாகக் கிடந்த கடைசிக் கட்டங்களில் அழகுக்கு ரோஜாப் பூ வைத்துவிட்டார்.

முடிந்த பின், நன்றாக விழித்ததும் கொடுக்க வேண்டியது 'பால், இட்லி'. அது இப்போது 'வருவதற்கு முன்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

"அவர ஏன் சார் திட்றீங்க?" கெசியாவின் குரலில் வரவேற்பறையே திரும்பிப் பார்த்தது. "படிக்கத் தெரியாதவரா இருந்திருந்தா தப்பிச்சிருப்பாரு! படிச்சாரு. நீங்க மாட்டினதப் படிச்சி, அதுல போட்ட மாதிரியே செஞ்சாரு."

"ஒவ்வொரு வார்த்தையும் சரியாதாம்மா இருக்கு. நானே இன்னொரு ஆப்ல திருப்பிப் போட்டுப் பாத்தேன்."

"வார்த்தை சரிதான் சார். இருக்கிற எடம்? இந்தத் தலைப்புக்குக் கீழ இருந்தா மருந்து, அந்தத் தலைப்புக்குக் கீழ இருந்தா வெஷம். ரோஜாப் பூ வெச்சிருக்கீங்களே, அது யாருக்கு? சாவு வீட்டுக்கா?"

சம்பத்தின் முகம் கறுத்தது. மன்னிப்பா கேட்பார்? "சரி விடு, பேஜார் பண்ணாத. அடுத்த புதன்கிழமை வரச் சொல்லு" என்றார், சட்டைக் காலரைச் சரிசெய்தபடி.

அடுத்த புதன்! லாஸ்யாவுக்கு வலிப்பு தினமும் வந்துகொண்டிருந்தது. நாளைக்கு ஸ்கேன் படத்தோடு வந்தால்தான் மேற்கொண்டு சொல்வேன் என்று வலிப்புக்குப் பார்க்கும் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். கெசியா கவுன்டரை ஓங்கி அறைந்தாள். "இன்னிக்கே எடுக்கணும் சார். இல்லன்னா இந்தப் போட்டோவை அவர் கையில குடுத்து, எங்க காட்டணுமோ அங்க நானே கூட்டிட்டுப் போவேன். வேலை போனாப் போவுது."

பின்னாலிருந்து நித்யஸ்ரீ சொன்னார்: "சாயந்தரம் வரைக்கும் நான் இருக்கேன். ஆறு மணி நேரம் முழுசா முடியட்டும். மொதல்ல அந்த ஃப்ளெக்ஸக் கழட்டுங்க."

ஸ்டூல் போட்டு ஏறி ஃப்ளெக்ஸைக் கெசியாவே பிய்த்தாள். பெரிய வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மூன்று வரியிலும் தனித்தனியாக, ஆறு மணி நேரக் கணக்கோடு, தெலுங்கில் எழுதினாள்: எதுவும் உண்ணக் கூடாது. எதுவும் உண்ணக் கூடாது. எதுவும் உண்ணக் கூடாது. பேனா தாளைக் கிழித்துவிடும்போலிருந்தது.

"ஒரே விஷயத்த மூணு வாட்டி எதுக்கு?" என்று சம்பத் முனகினார்.

"மூணு பேர் படிப்பாங்க சார்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மதியம் பூராவும் லாஸ்யா பசிக்குது பசிக்குது என்று அழுதாள். முனெப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தார். கெசியாவால் அந்த அழுகையைக் கேட்க முடியவில்லை. கேட்க வேண்டிய சம்பத்தோ ஏசி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. குழந்தை கண் விழித்தது, பேசியது, பால் கேட்டது. டாக்டரும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கெசியாவே கடையில் பால் வாங்கி வந்து தம்ளரில் ஊற்றினாள். "இப்ப குடுக்கலாம்ணா" என்றாள் தெலுங்கில்.

முனெப்பா தம்ளரை வாங்கினார். கொடுக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த புதுத் தாளைப் பார்த்தார். அதில் 'முடிந்த பின்' என்பதற்குக் கீழே பால், இட்லி என்று அவருடைய பாஷையிலேயே, சரியான இடத்தில் இருந்தது. விரல் வைத்துத் தலைப்பிலிருந்து கீழே இறங்கினார். மறுபடி மேலே போனார்.

"எழுதியிருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா நெஜமாவே குடுக்கலாமா அக்கா?"

"குடுங்கண்ணா. நான் சொல்றேன்ல."

குழந்தை கையை நீட்டி அழுதது. பால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. முனெப்பாவின் கை நகரவில்லை. கெசியா அந்தத் தம்ளரை வாங்கி, தானே குழந்தையின் வாயில் வைத்தாள்.