சொர்ணத்தின் இடது கன்னம்

ஜொகூர் பாருவில் எங்கள் போட்டோக் கடைக்கு வந்த ஆம்பிளைகளுக்கெல்லாம் என் வாய்த்துடுக்கு தெரியும். என் முகம்தான் தெரியாது. படம் எடுப்பது என் வீட்டுக்காரர் சுப்ஹான். எடுத்த படத்தில் அம்மைத் தழும்பை மறைப்பதும் கண்ணுக்குக் கீழே கிடக்கும் கருமையை எடுப்பதும் நான். திரைக்குப் பின்னால், ஜன்னலோரத்தில் என் மேசை. வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போது நான் பேசக் கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். போட்டவருக்கே அது மறந்துபோகும் அளவுக்கு நான் அதை மீறியிருக்கிறேன்.

கண்ணப்பன் வந்தது மழை விட்ட ஒரு காலையில். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், காரைக்குடிப் பக்கத்துக்காரர். மனைவி சொர்ணம் காய்ச்சலில் போய் வருஷம் திரும்பப் போகிறது.

"தெவசத்துக்கு அவ ஆத்தா ஊர்லேர்ந்து கப்பல்ல வர்றாங்க பாய். பெருசா ஒரு படம் மாட்டணும். நீங்க எடுத்த படம்தான் இருக்கு. ஆனா அதுல முகம் சும்மா இருக்கு. லேசா சிரிச்ச மாதிரி பண்ணித் தர முடியுமா?"

"முடியும்" என்றார் சுப்ஹான். செய்யப்போகிறவள் நான். வாக்குக் கொடுக்கிறவர் அவர்.

"மக இங்க நல்லா இருந்தான்னு அந்தம்மாவுக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றார் கண்ணப்பன்.

அந்தப் படம் பதிந்த கண்ணாடித் தட்டு அலமாரியில் இருந்தது. அதில் சொர்ணம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கண்ணப்பன் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் முகத்தை மட்டும் பளபளப்பில்லாத தாளில் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார் சுப்ஹான். நான் கரிப்பொடியைக் காகிதச் சுருளில் தொட்டு, உதட்டின் இரண்டு ஓரத்தையும் அளவெடுத்த மாதிரி மேலே தூக்கினேன். சிரிப்பு என்றால் வாய்தானே என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கண்ணப்பன் படத்தைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார்.

"இது யாரு பாய்?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார்.

அவர் போன பிறகு படத்தை நானும் பார்த்தேன். வாயைக் கையால் மறைத்தால் சொர்ணம் தெரிந்தாள். கண்ணை மறைத்தால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கண் செத்துக் கிடக்கிறது, வாய் மட்டும் சிரிக்கிறது. இறந்தவளைப் பிடித்துவைத்து வாயை இழுத்துவிட்ட மாதிரி. எனக்குக் கூசிப்போனது.

கைக்கண்ணாடியை எடுத்து என் முகத்தில் சிரித்துப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. உதட்டோரம் மேலே போவதைவிடப் பக்கவாட்டில்தான் போகிறது. அதற்கு முன்பே கன்னம் எழும்பிவிடுகிறது. அது கீழிமையை மெல்ல மேலே தள்ளுகிறது. கண் ஒரு பொட்டு சுருங்குகிறது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு வரும் மடிப்பில் லேசாக நிழல் விழுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாகவும் இல்லை. சரி, வழி தெரிந்துவிட்டது. ஆனால் இதை அப்படியே வரைந்தால் சொர்ணத்தின் முகத்தில் இந்தச் சுலைஹாதான் சிரிப்பாள். சொர்ணத்தின் சிரிப்பு எப்படி?

கண்ணப்பனைத் திரும்ப வரச் சொன்னோம். திரைக்குப் பின்னாலிருந்து நான்தான் கேட்டேன்.

"அண்ணே, அண்ணி சிரிச்சா எந்தக் கன்னம் முதல்ல எழும்பும்?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"குழி விழுமா? கண்ணு சுருங்குமா? உதடு மூடியிருக்குமா, கொஞ்சம் பிரியுமா?"

"தெரியலையேம்மா" என்றவர், "அவ அதிகம் சிரிக்க மாட்டா. அமைதியானவ" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தப் படம் எடுத்த நாளில் சொர்ணத்தின் சேலை மடிப்பைச் சரிசெய்தது நான். பூச்சாடியில் இருந்த காகிதப் பூவை நிஜம் என்று நினைத்து அவள் மோந்து பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் இடது கன்னம்தான் முந்திக்கொண்டு எழும்பியது. கீழிமை இரண்டும் வீங்கின மாதிரி மேலே வந்தன. உதடு மட்டும் கடைசிவரை மூடியே இருந்தது, அடக்கப் பார்த்தது. காலடி கேட்டு நான் திரைக்குள் நுழைந்த அந்த நேரத்தில்தான் கண்ணப்பன் வந்து நாற்காலியில் கை வைத்தார்.

இதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். என் வாய் நிற்குமா?

"அமைதியானவங்க இல்லண்ணே. அன்னிக்கு எங்கூட நல்லாத்தான் சிரிச்சாங்க. நீங்க வந்து, 'இளிக்காத, வெக்கங்கெட்டதனமா'ன்னு சொன்னீங்க. முகம் அதோட மூடிக்கிச்சு. அந்த முகத்தைத்தான் எங்க வீட்டுக்காரரு படம் புடிச்சாரு."

"சுலைஹா" என்றார் சுப்ஹான். அந்த ஒரு சொல்லில் எல்லா வசவும் இருந்தது.

திரையின் இடுக்கில் பார்த்தேன். கண்ணப்பன் மேல்துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் சொன்னேனா?" என்று கேட்கக்கூட இல்லை. ஞாபகம் வந்துவிட்டது போல. முகம் காது வரைக்கும் கறுத்துவிட்டது. இழவு வீட்டுக்காரனைத் தெருவில் நிறுத்தி அறைந்துவிட்டோமே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்களுக்குத் தெரியும்ல. அப்ப நீங்களே பாத்துப் பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புதுத் தாளில் படம் போட்டு வாங்கினேன். இந்தத் தடவை வாயைக் கடைசிக்கு விட்டுவைத்தேன். முதலில் கன்னத்தின் வெளிச்சத்தை ரப்பரால் ஒரு நூல் மேலே ஏற்றினேன், இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக. கீழிமைக்கு அடியில் மெல்லிய நிழல் கொடுத்து, அதை விரலால் கரைத்தேன். மூக்கோர மடிப்பில் கரி பட்டதும் படாததுமாக. அப்புறம்தான் உதட்டோரம். அங்கே கோடு போடவில்லை, நிழலை மட்டும் வெளியே நகர்த்தினேன். தள்ளி நின்று பார்த்தபோது சொர்ணம் சிரிக்கிறாளா இல்லையா என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. காகிதப் பூ ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன்.

கண்ணப்பன் வந்து படத்தை வாங்கி, மேல்துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

தெவசம் முடிந்து அவர் மறுபடி வந்தபோது நான் திரையின் இடுக்குக்கு ஓடினேன். படம் சரியில்லையோ?

"அவ ஆத்தா பாத்தாங்க பாய்" என்றார் சுப்ஹானிடம். "பாத்துட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. 'சின்ன வயசுல இப்படித்தான் சிரிப்பை அடக்குவா மாப்ள. அவள எந்நேரமும் சிரிக்க வச்சிருந்திருக்கீங்க, நீங்க நல்லா இருக்கணும்'னு சொன்னாங்க." நிறுத்தினார். "நானும் ஆமான்னு தலையாட்டினேன்."

நான் அன்றைக்கு முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"படத்தை ஊருக்கு எடுத்துட்டுப் போறாங்க. போகட்டும், அது அவங்களுக்குத்தான்" என்றார். பிறகு திரைப் பக்கம் திரும்பினார். முகம் தெரியாத என்னிடம் பேசினாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் கண்ணாடித் தட்டுல அவ முகம் பழையபடிதானே இருக்கு?"

"அதைத் தொடலண்ணே. தாள்லதான் திருத்தினேன்."

"அதுல எனக்கு ஒன்னு போட்டுக் குடுங்க. எதுவும் திருத்த வேணாம். நான் பாத்த முகம் அதுதான்."