எழுபது மூட்டை

ஏலப் பெட்டியைத் திறந்து வியாபாரிகளின் விலைச் சீட்டுகளைப் பிரித்த விற்பனைக்கூடக் கமிட்டி சூப்பர்வைசர் சூர்யகலா, அம்சவல்லியின் லாட் எண்ணை வாசித்துவிட்டு ஒரு நொடி நிறுத்தினாள்.

"பதினேழாம் நம்பர், குண்டு நெல்லு, நாப்பத்திரெண்டு மூட்டை. ஆயிரத்து அம்பது."

அம்சவல்லிக்குத் தான் கேட்டது சரியா என்று சந்தேகமாக இருந்தது. எழுபத்தைந்து கிலோ மூட்டை போன வாரம் இதே களத்தில் ஆயிரத்து முந்நூற்று ஐம்பதுக்குப் போனது. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போய் அறுப்பு மிஷினுக்குச் சொன்னாள்.

"மேடம், இன்னொரு வாட்டி பாருங்க. வேற சீட்டு இருக்கும்."

"ஒரே ஒரு சீட்டுதாம்மா விழுந்திருக்குது. மழைன்னு சொல்லிட்டாங்க இல்ல, இன்னைக்கு மத்த வியாபாரிங்க யாரும் வரல. புடிக்கலன்னா ரத்து பண்ணிக்கலாம். நாளைக்கு மறுபடி ஏலத்துல வெச்சிக்கலாம்."

நாளைக்கு. அம்சவல்லி கிழக்கே பார்த்தாள். கடல் இங்கிருந்து தெரியாது. ஆனால் கடலுக்கு மேலே இருக்கிற வானம் தெரிந்தது. அடுப்புக்கரி பூசின மாதிரி இருந்தது. அவளுடைய மூட்டைகள் திறந்த களத்தில், வெறும் சிமெண்ட் தரையில் கிடந்தன. ஷெட்டுக்குள் ஒரு மூட்டைக்குக்கூட இடமில்லை. அங்கே வியாபாரி ஜெரால்டு ஏற்கெனவே வாங்கிய நெல் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தது. இன்று விழுந்த ஒரே சீட்டும் ஜெரால்டுடையதுதான்.

அவள் ஊர் பிரம்மதேசத்துக்குக் கிழக்கே, அவள் நிலத்தை அடுத்து இரண்டு வரப்பு தாண்டினால் உப்பளம். ஆடி மாதம் போர்வெல் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தபோது கரித்தது. பெய்த மழையை மட்டும் நம்பி இந்தச் சம்பாவைக் கரையேற்றினாள். இரண்டு நாளுக்கு முன்னால் மழை எச்சரிக்கை வந்ததும் அவசர அவசரமாக அறுத்து, காயவைக்க இடமில்லாமல் டிராக்டரில் ஏற்றி நேற்றே இங்கே கொண்டுவந்து போட்டாள். அரசாங்கக் கொள்முதல் நிலையம் பொங்கல் கழித்துத்தான் திறப்பார்கள். புருஷன் மணிகண்டன் கூலிக்குப் போகிற உப்பளத்தில், புதிதாகக் கட்டிய பாத்திகளை மழைக்கு முன் காப்பாற்ற ஆள் எல்லாரையும் நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே அவள் தனியாகத்தான் வந்திருந்தாள்.

ஜெரால்டு ஷெட்டு ஓரமாக லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கழுத்தில் மெல்லிய செயினில் சிலுவை. முரட்டு ஆள் இல்லை. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி அவள் பார்த்ததில்லை.

"அண்ணா, இன்னா வெல போட்டிருக்கீங்க? அறுப்புக்கூலிகூட வராதே!"

"ஈரம்மா." அவர் வந்து ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை முழங்கை வரை உள்ளே விட்டார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "இருவத்திமூணு இருக்கும். மில்லுக்குப் போனா திருப்பி அனுப்பிடுவான்."

"இருவத்திமூணா? மேடம், அந்த மிஷின எடுத்துட்டு வாங்க."

சூர்யகலா ஈரப்பதக் கருவியைக் கொண்டுவந்தாள். மூன்று மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்து வைத்தாள். பதினெட்டு சதவீதம் காட்டியது.

ஜெரால்டு சிரித்தார். "சரி. ஆயிரத்து நூறு போட்டுக்க."

"முந்நூறு குடுங்க. போன வாரத்தவிட அம்பது ரூபா கொறைச்சுதானே கேக்குறேன்?"

"போன வாரம் வெயிலும்மா. இன்னைக்கு மானத்தப் பாரு."

அப்போது லாரிக்காரன் குறுக்கே கத்தினான். "சார், ஷெட்டு நெல்ல பூரா ஏத்தினாலும் இன்னும் எழுபது மூட்டை எடம் இருக்குது. ஏத்துறதுன்னா இப்பவே ஏத்துங்க. மழை புடிச்சா ஆரணி போய்ச் சேர விடிஞ்சிடும். அரை வண்டியா போனாலும் வாடகை முழுசுதான்."

ஜெரால்டின் முகம் லேசாக மாறியதை அம்சவல்லி பார்த்தாள். எழுபது மூட்டை. அவசரம் அவளுக்கு மட்டும் இல்லை, அவருக்கும் இருக்கிறது.

அன்றைக்கு விற்காமல் நின்ற லாட் மூன்றுதான். அவளுடையது நாற்பத்திரண்டு மூட்டை. பெருமுக்கல் ராமதாஸுடையது முப்பது. கடலோரத்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஆரோக்கியத்துடையது முப்பத்தைந்து. அவர்களுக்கும் இதே விலைதான் விழுந்திருந்தது. ராமதாஸ் அவளுக்குத் தூரத்து உறவில் மாமா முறை. தன் மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆரோக்கியம் தார்ப்பாயின் ஓட்டைகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அவருக்கு இன்னும் எழுபது மூட்டை வேணும்," என்றாள் அம்சவல்லி மூச்சு வாங்க. "யாரு ஒருத்தரு குடுத்தாலும் பத்தாது. வேற நெல்லு இங்க இல்ல. மூணு பேரும் ஆயிரத்து முந்நூறுன்னு ஒரே சொல்லா நிப்போம். வேற வழியில்லாம வருவாரு."

"மழை வந்தா?" என்றான் ஆரோக்கியம்.

"மழை வந்தா அவரு வண்டிக்கும்தானே வருது?"

ராமதாஸ் பீடியை அணைத்தார். "சரி, நில்லு. பாக்கலாம்."

ஜெரால்டு நிஜமாகவே வந்தார். முதலில் ஆயிரத்து நூறு என்றார். மூன்று பேரும் தலையாட்டவில்லை. போய் போனில் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பி வந்து ஆயிரத்து நூற்று முப்பது என்றார். ஏறுகிறது. அவள் வாழ்நாளில் அவள் சொல்லி ஒரு விலை ஏறுவது இதுதான் முதல் தடவை.

"முந்நூறுண்ணா. அதுக்குக் கீழ இல்ல."

"ஏம்மா, நீ இவங்களுக்கெல்லாம் சங்கம் வெச்சிருக்கியா?" அவர் கோபப்படவில்லை. "நூத்தி அம்பது. கடைசி. ஒத்துக்கிட்டா இப்பவே எடை போட்டுச் சீட்டு எழுதிடலாம். இல்லன்னா உங்க இஷ்டம்."

அவர் நகர்ந்துபோன கொஞ்ச நேரத்தில் முதல் தூறல் விழுந்தது. சிமெண்டுத் தரையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒவ்வொரு துளியும் கறுத்துக் காய்ந்தது. பிறகு காயவில்லை. அம்சவல்லி தன் ஒரே தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினாள். நாற்பத்திரண்டில் முப்பதுக்குத்தான் அது எட்டியது. மிச்சத்தின் மேல், தான் போர்த்திக்கொள்ளக் கொண்டுவந்த துப்பட்டியை விரித்து, அது பறக்காமல் கல் தேடி ஓடினாள்.

கல்லோடு திரும்பி வந்தபோது ஆரோக்கியத்தின் மூட்டைகள் எடைத் தட்டில் ஏறிக்கொண்டிருந்தன.

ஆரோக்கியம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, என் பாய் முழுக்க ஓட்டை. நூத்தி அறுபது தர்றேன்னாரு. ஊட்ல ஆன்மேரிக்கு இது எட்டாவது மாசம். நான் என்ன பண்ணட்டும்?"

அவள் ராமதாஸிடம் ஓடினாள். "மாமா, அவன் போனா போறான், முப்பத்தஞ்சுதான் ஆச்சு. இன்னும் முப்பத்தஞ்சு வேணும் அவருக்கு. நம்ம ரெண்டு பேரும் நின்னா..."

ராமதாஸ் ஏற்கெனவே சாக்கு வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். "அம்சா, என்னால முடியாதும்மா," என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அறுபத்தைந்து மூட்டையும் ஏறிவிட்டது, மிச்ச ஐந்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. லாரிக்காரன் தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டத் தொடங்கினான். அம்சவல்லி ஜெரால்டின் முன்னால் போய் நின்றாள். முகத்தில் மழை வழிந்தது.

"அண்ணா, நூத்தி அம்பதே குடுங்க. எடுத்துக்குங்க."

"வண்டி நெறஞ்சிடுச்சேம்மா."

"நூறு குடுங்க. காலைல நீங்களே சொன்ன வெலதான். ஆயிரத்து அம்பதே குடுங்கண்ணா."

அந்தச் சொல் வாயைவிட்டு வெளியே போன பிறகுதான் அது காதில் விழுந்தது. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

ஜெரால்டு அவள் மூட்டைகளைப் பார்த்தார். ஓரத்து மூட்டைகளின் சணல் கறுத்துவிட்டிருந்தது. "இனிமே அது நனைஞ்ச நெல்லு. தொள்ளாயிரம்னா நாளைக்கு வண்டி வரப்ப எடுத்துக்கறேன். நான் கெட்டவன் இல்லம்மா. நீ நின்ன, நான் வேற ஆள்கிட்ட வாங்கினேன். இதுதான் யாவாரம்."

அதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மூட்டைகள் பக்கம் திரும்பினாள். திரும்பியபோது ஷெட்டு கண்ணில் பட்டது. காலையில் கூரை முட்டக் கிடந்த அவர் நெல் எல்லாம் லாரிக்குப் போயிருந்தது. தரை தெரிந்தது. காய்ந்த தரை.

அவள் சூர்யகலாவின் அறைக்கு ஓடினாள். "மேடம், ஷெட்டு காலியா இருக்குது. என் மூட்டைய உள்ள போட்டுக்கறேன்."

பின்னாலேயே ஜெரால்டு வந்தார். "மேடம், மதியம் எனக்கு இன்னொரு லோடு உள்ள வருது. எடம் எனக்கு வேணும். சொல்லித்தானே வெச்சிருந்தேன்?"

சூர்யகலா இரண்டு பேரையும் பார்த்தாள். தினமும் வருகிற வியாபாரி. அவர் வராத நாளில் ஏலமே கிடையாது. அவள் பேனாவை மூடிவைத்தாள்.

"ஷெட்டு விவசாயிக்குத்தான் சார் கட்டியிருக்குது. நேத்து வரைக்கும் நான் பேசாம இருந்தது தப்பு. நீ போட்டுக்கம்மா."

சுமை தூக்குகிறவர்கள் லாரி மேலிருந்து இறங்கவில்லை. அம்சவல்லி ஒரு மூட்டையின் காதைப் பிடித்துத் தரையோடு இழுத்தாள். எழுபத்தைந்து கிலோ, நான்கு அடி நகர்ந்தது. இன்னும் நாற்பது அடி. மழை இப்போது சரம் சரமாக இறங்கியது. மூன்றாவது முறை இழுக்கும்போது மூட்டையின் மறுமுனை திடீரென்று எழும்பியது. நிமிர்ந்து பார்த்தாள். ஆரோக்கியம். அவனுக்குப் பின்னால் ராமதாஸ் தன் தார்ப்பாயை உதறிக்கொண்டு வந்து, மூடாமல் கிடந்த மூட்டைகள் மேல் விரித்தார். நாற்பத்திரண்டையும் உள்ளே சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதில் பதினொன்று நன்றாக நனைந்துவிட்டிருந்தன.

அவள் ஊருக்குப் போகவில்லை. நனைந்த பதினொன்றைத் தனியாகக் கொட்டிப் பரப்பி, காலாலேயே கிளறிக் கிளறிக் காற்றாட விட்டாள். இரண்டாம் நாள் அதில் சில மணிகள் வெள்ளையாக முளை விட்டன. காய்ந்த மூட்டைகள் பக்கம் ஈரம் போகாமல் பாதி ராத்திரிவரை உட்கார்ந்திருந்தாள். மணிகண்டன் போன் செய்தான். பாத்தியெல்லாம் கரைஞ்சிபோச்சு, நீ வித்துட்டு வந்துடு, என்றான். இவள் போனை வைத்துவிட்டு மறுபடி நெல்லைக் கிளற எழுந்தாள்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. ஜெரால்டோடு சேர்த்து நான்கு வியாபாரிகள் வந்தார்கள். முப்பத்தொரு மூட்டை ஒரு லாட், பதினொன்று ஒரு லாட் என்று பிரித்து வைத்தாள். பெட்டி திறந்தது. முப்பத்தொன்றுக்கு நான்கு சீட்டு. அதிகம் போட்டவர் யாரோ புதுச்சேரி ஆள், ஆயிரத்து இருநூற்று எண்பது. ஜெரால்டு பத்து ரூபாய் குறைவு. முளைத்த பதினொன்றைக் கோழித்தீவனத்துக்கென்று எழுநூறுக்கு எடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால், அன்றைக்கே ஆயிரத்து நூற்று ஐம்பதுக்கு எல்லாவற்றையும் கொடுத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதேதான் வந்திருக்கும். சீட்டில் கையெழுத்துப் போடும்போது அவளுக்கு அது தெரிந்துதான் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் ராமதாஸ் நின்றிருந்தார். கையில் ஒரு தூக்குச் சட்டி.

"சாப்பிட்டிருக்க மாட்டேன்னு உங்க அத்த குடுத்தனுப்பிச்சா." தூக்கை நீட்டி, "எம்மேல கோவமா அம்சா?" என்றார்.

"இருக்குது மாமா."

"உன்னாலதான் எனக்கு நூறு ரூபா ஏறுச்சு."

"தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தூக்கை வாங்கி, எடைத்தட்டின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். புளிசோறு. பக்கத்தில் இடம் விட்டாள். அவர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.