நஞ்சு விழும்வரை காத்திராத சீம்பால்

காலை ஒன்பதரைக்குக் கன்று தரையில் விழுந்தபோது, தையல்காரருக்குத்தான் மூச்சு முட்டியது. பசு பாட்டுக்குத் திரும்பி நின்று கன்றை நக்க ஆரம்பித்துவிட்டது.

"கிடேரிக் கன்னுங்க!" என்று கத்தினாள் அவர் மனைவி. கொட்டகையில் அவள்தான் எல்லாம். ஆனால் போன வாரம் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கைவரை மாவுக்கட்டு. அதனால் இன்று கடையைச் சாத்திவிட்டு அவர் வந்து நிற்கிறார். இந்த மனுஷர் மாட்டைத் தொட்டதே கிடையாது. வைக்கோல் போடுவதென்றால்கூட எட்ட நின்று வீசுகிற ஆள்.

"சாக்கை எடுத்து நல்லாத் தேய்ச்சு விடுங்க. அப்புறம் நெஞ்சைச் சுத்தி அளவெடுங்க."

"கன்னுக்குச் சட்டையா தைக்கப் போறேன்?"

"எடை தெரியணும்ல. அதை வெச்சுத்தான் எவ்வளவு பால்னு சொல்ல முடியும்."

கழுத்தில் தொங்கிய நாடாவால் அளந்தார். இருபத்தொன்பது அங்குலம். மனதுக்குள் கணக்குப் போட்டவள், "முப்பது கிலோ இருக்கும். மூணு லிட்டர் சீம்பால் போகணும். பீச்சுங்க" என்றாள்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து பால்காரர் எட்டிப் பார்த்தார். "அவசரப்படாதீங்க அண்ணே. நஞ்சுக்கொடி விழுந்தப்புறம் கொடுத்தாப் போதும்."

தையல்காரர் நிம்மதியாக நிமிர்ந்தார். மனைவியின் முகம் மாறியது. போன வருஷமும் இதே பேச்சுத்தான். நஞ்சு விழச் சாயங்காலம் ஆயிற்று. கழிச்சல் கண்டு நாலாம் நாள் அந்தக் கன்று எழுந்திருக்கவே இல்லை. அதைப் புதைக்கச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவர் இவர்தான்.

"மாட்டு டாக்டர் அப்ப என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தாய் வயித்துக்குள்ள இருக்கறப்ப நோயை எதிர்க்கிற சக்தி கன்னுக்கு வராது. எல்லாம் இந்தப் பால்லதான் இருக்கு. அதைக் குடல் அப்படியே ரத்தத்துக்கு அனுப்புறது பொறந்த கொஞ்ச நேரம்தான். மணிக்கு மணி கதவு சாத்திக்கிட்டே வரும். ஒரு நாள் போனா மூடியே போச்சு. அப்புறம் குடம் குடமாக் கொடுத்தாலும் வெறும் பால்தான்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "தம்பி, நீங்க போய்ப் பால் ஊத்துங்க. நாங்க பாத்துக்கறோம்."

வெந்நீரில் கழுவிய வாளி. துடைத்த மடி. ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைத் தனியே விட்டார். வாளியில் முதல் தாரை விழுந்ததுதான் தாமதம், பசு உதைத்தது. வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"எனக்கும் மாவுக்கட்டுப் போடப் பாக்குது!"

"நகத்தால கிள்ளாதீங்க, துணி இல்ல அது. முழுக் கையால பிடிங்க." அவளே வந்து இடது தோளைப் பசுவின் விலாவில் சாய்த்து, "என் தங்கமே, புது ஆளுடி, பொறுத்துக்க" என்று கொஞ்சினாள். இத்தனை வருஷத்தில் தன்னிடம் இவ்வளவு இனிமையாகப் பேசியதில்லையே என்று அவருக்குத் தோன்றியது. உதை இன்னும் வலித்தது.

இரண்டாவது தடவை பசு நின்றது. குழம்பு மாதிரிக் கெட்டியாக, மஞ்சளாக இறங்கியது பால். கத்திரி பிடித்துக் காய்த்த விரல்கள் மரத்துப்போயின. ஆனால் வாளி நிறைந்தது.

சூடு ஆறுமுன் புட்டியில் ஊற்றினார். கன்று வாயையே திறக்கவில்லை. மணி பத்தேகால்.

"விரலை உள்ள விடுங்க. தலையை ரொம்பத் தூக்காதீங்க, பால் நுரையீரலுக்குள்ள போயிடும்."

விரலை விட்டார். சொரசொர நாக்கு ஒன்று தயங்கித் தயங்கி அதைச் சுற்றிக்கொண்டது. பிறகு ஒரு இழுப்பு! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விரலை நைசாக உருவிவிட்டு ரப்பர் காம்பை வைத்தார். கன்று முட்டி முட்டி உறிஞ்சியது.

"குடிக்குதுடி! ஏய், குடிக்குது!"

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றாள். அந்தக் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு லிட்டர் ஒரே மூச்சில் போயிற்று. சற்று இளைப்பாறவிட்டு, பதினொரு மணிக்குள் மூன்றாவதும் முடிந்தது. நாலு காலும் நாலு திசைக்குப் போக, கன்று எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நின்றது. நஞ்சு விழுந்தபோது மத்தியானம் இரண்டு மணி. அன்று ராத்திரியும் ஒரு புட்டி கொடுத்தார், இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

நாலாம் நாள் காலையில் அவருக்குக் கொட்டகைக்குப் போகவே கால் வரவில்லை. வாசலில் நின்று, "எப்படி இருக்கு?" என்றார்.

பதிலுக்கு உள்ளேயிருந்து பாய்ந்து வந்தது கன்று. வாலைத் தூக்கிக்கொண்டு அவர் காலுக்கிடையில் புகுந்து, கொடியில் காய்ந்த போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடியது. "பிடிங்க, பிடிங்க!" என்று சொல்ல வந்த மனைவி சிரிப்பு தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரர் செருப்பைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார், பிடிக்கிற எண்ணமே இல்லாமல்.